ராஜபாளையம் மில்லுக்குக் கப்பலில் பஞ்சு வருமா? லாரிக்கு மாற்று எங்கே எடுபடும், எங்கே எடுபடாது?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலையில் காலையில் பைக் ஓட்டுபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். தார்ப்பாய் போட்டுக் கட்டிய பஞ்சு லாரி, அதன் பின்னால் சிமென்ட் லாரி, அதற்கும் பின்னால் கேரளா போகும் டாரஸ். ஓவர்டேக் செய்ய இடமே இருக்காது. பஞ்சு லாரியின் நம்பர் பிளேட்டில் சில நாள் 'ஜிஜே' என்றிருக்கும். குஜராத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த வண்டி அது.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. குஜராத்திலும் கடல் இருக்கிறது, நம் பக்கத்தில் தூத்துக்குடியும் இருக்கிறது. அந்தப் பஞ்சு ஏன் கப்பலில் வரக்கூடாது? பாதி இந்தியாவை ஒரு டிரைவர் ஏன் ஸ்டீயரிங் பிடித்துக் கடக்க வேண்டும்?

இது டீக்கடைக் கேள்வி மட்டும் இல்லை. கடலோரக் கப்பல் போக்குவரத்துச் சட்டம் 2025 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. இந்தியக் கொடி தாங்கிய கப்பல்கள் நம் கரையோரம் சரக்கு ஏற்ற இனி தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை என்கிறது அது. கடல், ஆறு இரண்டுக்கும் சேர்த்து ஒரு தேசிய வியூகத் திட்டம் போட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தத் திட்டத்தில் பணம் எதில் போகும் என்பது நம்மைப் போன்ற மில் ஊர்களுக்கு முக்கியம். அதனால் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம்.

எல்லோரும் காட்டும் அந்த மூன்று எண்கள்

நீர்வழிப் போக்குவரத்தைப் பற்றி மத்திய அரசு பேசும்போதெல்லாம் ஒரு ஒப்பீடு வரும். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக சாலையில் ரூ.2.50, ரயிலில் ரூ.1.36, நீர்வழியில் ரூ.1.06 ஆகும் என்பது அந்தக் கணக்கு. பார்த்தவுடன் நமக்குத் தோன்றுவது, 'பாதி விலைக்கும் கீழே இருக்கே, அப்புறம் ஏன் லாரி?' என்பதுதான்.

இந்த எண்கள் தப்பில்லை. ஆனால் சரக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆகும் செலவை மட்டும்தான் இவை சொல்கின்றன. சரக்கை ஏற்றுவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது, காத்திருப்பது எல்லாம் இதில் இல்லை. லாரியில் ஒருமுறை ஏற்றுகிறோம், ஒருமுறை இறக்குகிறோம், அவ்வளவுதான். கப்பல் என்றால் நம் மில் வாசலுக்கு வராது. துறைமுகம் வரை லாரி, அங்கே இறக்கு, கப்பலில் ஏற்று, அடுத்த துறைமுகத்தில் இறக்கு, மறுபடி லாரியில் ஏற்று, மில்லில் இறக்கு. இந்தக் கூடுதல் கைமாற்றங்களின் செலவை, ஓட்டத்தில் மிச்சமாகும் பணம் தாங்குமா? நீர்வழி பற்றிய மொத்த விவாதமும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஆறு: நம்ம ஊரில் படகு ஓடுமா?

சுருக்கமான பதில், ஓடாது. ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இந்த யோசனை அடிக்கடி புதுசாகக் கிளம்பும்.

2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகள் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் நம் பக்கத்துத் தாமிரபரணியும் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கடலில் கலக்கும் இடம் வரை சுமார் 64 கிலோமீட்டர். ஆனால் அந்தத் தூரத்துக்குள் மருதூர், ஸ்ரீவைகுண்டம் என இரண்டு அணைக்கட்டுகள் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கின்றன. இரண்டும் வயலுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டியவை. படகு ஏறி இறங்க மதகுப் பூட்டு எதுவும் அவற்றில் கிடையாது. அணைக்கட்டைத் தாண்டிப் போக வேண்டுமானால் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். அப்படிச் செய்வதற்கு லாரியிலேயே போய்விடலாம்.

இன்னொரு விஷயம் ஆழம். நம் நாட்டின் நீர்வழித் தர வரிசையில் ஆகக் கீழே இருக்கும் வகுப்புக்கே 1.2 மீட்டர் ஆழமும் 30 மீட்டர் அகலமும் வேண்டும். அதில் ஓடுவது 100 டன் பார்ஜ்தான், அதாவது நாலு டாரஸ் லோடு. அந்த ஆழமும் ஒரு மாதம், இரண்டு மாதம் இருந்தால் போதாது, ஆண்டு முழுக்க இருக்க வேண்டும். நம் வைப்பாற்றையும் அதன் கிளைகளையும் நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் வெள்ளம், மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான். பிளவக்கல் அணையிலிருந்து வரும் தண்ணீர் பாசனத்துக்கே பத்தாதபோது, படகு மிதக்க ஆற்றில் தண்ணீர் விடுங்கள் என்று யாராவது கேட்க முடியுமா?

அப்படியானால் உள்நாட்டு நீர்வழி எங்குமே வேலை செய்யாதா? செய்கிறது. செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கேரளாவில் மூன்றாம் எண் தேசிய நீர்வழி இருக்கிறது. கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை 168 கிலோமீட்டர் மேற்குக் கடற்கரைக் கால்வாய், அதோடு கொச்சிப் பக்கம் சம்பக்கரை கால்வாய் 14 கிலோமீட்டர், உத்யோகமண்டல் கால்வாய் 23 கிலோமீட்டர். இதில் சரக்குக்காகப் பேர் வாங்கியது அந்த நீளமான கால்வாய் இல்லை, கடைசி இரண்டு குட்டிக் கால்வாய்கள்தான். காரணம் பொதுத்துறை உர நிறுவனமான ஃபாக்ட். கொச்சி துறைமுகத்தில் இறங்கும் அம்மோனியாவை அந்த நிறுவனம் பார்ஜில் ஏற்றித் தன் ஆலைக்கே கொண்டுபோகிறது. துறைமுகமும் தண்ணீர்மேல் இருக்கிறது, ஆலையும் தண்ணீர்மேல் இருக்கிறது. நடுவில் லாரியே இல்லை. ஓதம் ஏறி இறங்கும் உப்பங்கழி என்பதால் கோடையிலும் தண்ணீர் வற்றாது. போதாததற்கு, அம்மோனியாவை டேங்கரில் ஏற்றி நகரத்துக்குள் ஓட்டுவது ஆபத்தும்கூட.

தூரம் குறைவாக இருந்தும் அங்கே ஏன் கட்டுப்படியாகிறது என்றால், கூடுதல் கைமாற்றமே இல்லை. நம் ஊர்ச் சரக்கை அதே நீர்வழியில் ஏற்ற வேண்டுமானால் முதலில் மலை தாண்டிக் கொல்லம் வரை லாரியில் போக வேண்டும். அங்கே போன லாரி இறக்கி ஏற்றிக்கொண்டிருக்காது, நேராகக் கொச்சிக்கே போய்விடும்.

கடல்: நம் வீட்டு பல்புக்குப் பின்னால் ஒரு கப்பல்

கடலோரக் கப்பல் நிஜமாகவே ஜெயித்த இடத்தைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பார்த்தால் போதும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போயிருப்பீர்கள். அந்தப் படகை ஓட்டுவது பூம்புகார் கப்பல் கழகம். 1974-ல் தமிழக அரசு இதைத் தொடங்கியது சுற்றுலாவுக்காக இல்லை. கிழக்கு மாநிலங்களின் நிலக்கரியை நம் மின்நிலையங்களுக்குக் கடல் வழியாகக் கொண்டுவரும் வேலை அதனுடையது. 'தமிழ் அண்ணா', 'தமிழ் பெரியார்', 'தமிழ் காமராஜ்' என்று மூன்று சொந்தக் கப்பல்களை அது பல ஆண்டுகள் ஓட்டியது.

அந்தச் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஒடிஷாவின் தால்சேர் சுரங்கத்தில் நிலக்கரி ரயிலில் ஏறுகிறது. ஒரு ரேக் கிட்டத்தட்ட 4,000 டன் கொள்ளும். பாராதீப் துறைமுகத்தில் ஒரு இயந்திரம் வேகனை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டுகிறது. நிலக்கரி கன்வேயரில் ஓடி மலைபோல் குவிந்து, மறுபடி கன்வேயரில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் விழுகிறது. ஒரு கப்பலுக்கு 55,000 டன் என்று வைத்துக்கொண்டால், அதை நிரப்ப 14 ரேக் வேண்டும். அதே அளவை 25 டன் லாரிகளில் ஏற்றினால் 2,200 லாரி. கப்பல் நான்கைந்து நாளில் தூத்துக்குடி வந்து சேரும். இங்கே கிராப் என்னும் இரும்புக் கைகள் அள்ளிக் கன்வேயரில் போடுகின்றன. மின்நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருப்பதால் அந்தக் கன்வேயர் நேராக அதற்குள் போய்விடுகிறது.

கவனித்தீர்களா, இந்தக் கதையிலும் லாரி இல்லை. கைமாற்றம் பல தடவை நடக்கிறது, ஆனால் எல்லாம் இயந்திரம். ஈரமானாலும் சிதறினாலும் கெட்டுப்போகாத சரக்கு. வாங்குபவர் ஒரே ஒருவர். எவ்வளவு வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரியும். அந்த நிலையம் தலா 210 மெகாவாட் கொண்ட ஐந்து அலகுகளோடு கட்டப்பட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், ஐந்தும் முழு வேகத்தில் ஓடும் நாளில் 17,000 டன்னுக்கு மேல் எரியும். 55,000 டன் கப்பல் மூன்று நாள் சாப்பாடுதான். இப்படி ஒரு பசி இருக்கும் இடத்தில் கப்பல் காலியாக நிற்கவே நிற்காது.

இதிலும் சிக்கல்கள் உண்டு. பாராதீப்பில் வரிசை நீண்டால் கப்பல் கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரருக்குக் கட்டும் பணத்துக்கு டெமரேஜ் என்று பெயர். வங்கக் கடலில் புயல் வந்தால் சங்கிலி முழுக்க நின்றுவிடும். எடையிலும் தகராறு வரும். ரயிலில் ஏற்றும்போது எடை மேடையில் நிறுத்துகிறார்கள். கப்பலை அப்படி நிறுத்த முடியாது. அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆழக் குறிகளைப் படித்து, கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரக்கின் எடையைக் கணக்கிடுகிறார்கள். மழையில் நனைந்த நிலக்கரியில் எவ்வளவு கரி, எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

'சேது சமுத்திரக் கால்வாய் வந்திருந்தால் இந்தக் கப்பல்கள் இலங்கையைச் சுற்ற வேண்டாமே' என்று சிலர் கேட்கலாம். 2005 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தோண்ட நினைத்த ஆழம் 12 மீட்டர். 55,000 டன் நிலக்கரி ஏற்றிய கப்பலே ஏறக்குறைய அவ்வளவு அமிழும். அடியில் தட்டாமலிருக்க இடைவெளியும் வேண்டும். அதாவது இன்று லாபமாக ஓடும் அளவுள்ள கப்பல், முழு லோடோடு அந்தக் கால்வாய்க்குள் வர முடியாது. சின்னக் கப்பல் வரலாம், ஆனால் அதில் டன்னுக்கு ஆகும் செலவு அதிகம். பாதை குறைவதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

இப்போ பஞ்சு: கணக்கு எங்கே இடிக்கிறது?

நாட்டின் நூற்புத் திறனில் பாதிக்கு நெருக்கமான அளவு தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் இங்கே விளையும் பருத்தி கொஞ்சம்தான். குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானா என்று வெளியிலிருந்துதான் பஞ்சு வர வேண்டும். குஜராத்தில் இருக்கும் மில்லுக்கு வாசலில் கிடைக்கும் பஞ்சு, ராஜபாளையம் மில்லுக்குப் போக்குவரத்துச் செலவு சுமந்து வருகிறது. நூல் விலையில் போட்டி போடும்போது கிலோவுக்கு ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்பதெல்லாம் பெரிய வித்தியாசம்.

நிலக்கரி மாதிரி பஞ்சை ஒரு கப்பல் நிறைய ஏற்ற முடியாது. ஒரு நடுத்தர மில் நாளைக்கு 10 டன், அதாவது 170 கிலோ பேல் கணக்கில் சுமார் 60 பேல் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 55,000 டன் கப்பல் நிறையப் பஞ்சு வந்தால் அந்த மில்லுக்கு 15 வருஷத்துக்கு ஆகும்! அதனால் பஞ்சு கன்டெய்னரில்தான் வர வேண்டும், மற்றவர்கள் சரக்கோடு கப்பலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது ராஜ்கோட்டிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு டன் பஞ்சுக்குக் கணக்குப் போடுவோம். இது உதாரணக் கணக்குதான், மார்க்கெட் வாடகை நாளுக்கு நாள் மாறும். ஓட்டச் செலவுக்கு மேலே சொன்ன அரசு எண்களையே எடுத்துக்கொள்வோம். மற்றவை நாம் வைத்துக்கொள்ளும் தொகைகள்.

சாலையில் சுமார் 2,100 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரூ.2.50 என்றால் ரூ.5,250.

கடல் வழியில் ராஜ்கோட்டிலிருந்து முந்த்ரா துறைமுகம் சுமார் 220 கிலோமீட்டர், லாரிக்கு ரூ.550. முந்த்ராவிலிருந்து கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடி சுமார் 2,000 கிலோமீட்டர், ரூ.1.06 வீதம் ரூ.2,120. தூத்துக்குடியிலிருந்து ராஜபாளையம் சுமார் 120 கிலோமீட்டர், ரூ.300. மொத்தம் ரூ.2,970. சாலையைவிட ரூ.2,280 குறைவு. பேப்பரில் பார்த்தால் பிரமாதம்.

இனி விட்டுப்போனதைச் சேர்ப்போம். இரண்டு துறைமுகத்திலும் கன்டெய்னரைத் தூக்கி வைக்கும் கூலி, பெட்டி வாடகை எல்லாம் சேர்த்து டன்னுக்கு ரூ.900 என்று வையுங்கள். மிச்சம் ரூ.1,380.

அடுத்தது காலிப் பெட்டி. மில்லில் பஞ்சை இறக்கிய கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் காலியாகத் திரும்ப வேண்டும். அந்தப் பக்கமும் காலிப் பெட்டி துறைமுகத்திலிருந்து ராஜ்கோட் வரை வர வேண்டும். இதற்கு ரூ.400 வைத்தால் மிச்சம் ரூ.980.

மூன்றாவது, யாரும் பில்லில் பார்க்காத செலவு. லாரி ஐந்து நாளில் வந்தால், கப்பல் வழி வீட்டுக்கு வீடு 15 நாள் ஆகும் என்று வைப்போம். அந்தக் கூடுதல் 10 நாளும் மில்லின் பணம் கடலில் மிதக்கிறது. பஞ்சு டன் ஒன்றரை லட்சம் ரூபாய், வங்கி வட்டி 10 சதவீதம் என்றால், ஒரு டன்னுக்கு ஒரு நாள் வட்டி ரூ.41. பத்து நாளுக்கு ரூ.410. கையில் நிற்பது ரூ.570.

கிலோவுக்கு 57 காசு. சின்னதாகத் தெரியலாம். ஆனால் நாளைக்கு 10 டன் எடுக்கும் மில்லுக்கு ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட 20 லட்சம் ரூபாய். தூக்கிப் போடக்கூடிய பணம் இல்லை அது.

ஆனா, அந்த ரூ.570-ஐ ரூ.41-ஆல் வகுத்துப் பாருங்கள். 14 வரும். அதாவது கப்பல் இரண்டு வாரம் தாமதமானால் லாபம் மொத்தமும் வட்டியில் கரைந்துவிடும். அதற்கு முன்பே, பஞ்சு இல்லாமல் ஸ்பிண்டில் நின்றால் நஷ்டம் இந்தக் கணக்குக்குள்ளேயே அடங்காது. அதனால் ஒரு மில் என்ன செய்யும்? கப்பல் எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாதபோது கோடவுனில் கூடுதலாகப் பத்து நாள், பதினைந்து நாள் ஸ்டாக் வைக்கும். அந்த ஸ்டாக்குக்கும் அதே வட்டி. கடைசியில் பர்ச்சேஸ் மேனேஜர், 'வேணாம்ப்பா, லாரியிலேயே போடு' என்றுதான் சொல்வார். அதில் தப்பே இல்லை.

கப்பல் வாடகை போதுமான அளவு மலிவுதான். மில்லை லாரிப் பக்கம் தள்ளுவது, கப்பல் எந்தத் தேதியில் வரும் என்று நம்ப முடியாத நிலைமை.

கிட்டத்துக் கேரளாவுக்கு?

அதே கணக்கைக் குறைந்த தூரத்துக்குப் போட்டால் பதில் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். ராஜபாளையத்திலிருந்து கொல்லம் சாலையில் சுமார் 170 கிலோமீட்டர், டன்னுக்கு ரூ.425. கடல் வழியில் தூத்துக்குடி போகவே ரூ.300, கைமாற்றக் கூலி ரூ.900. கப்பல் நகர ஆரம்பிப்பதற்குள் ரூ.1,200 ஆகிவிட்டது. ஆரியங்காவு மலைப்பாதையில் டிராஃபிக் எவ்வளவு தொல்லையாக இருந்தாலும், அந்தச் சரக்குக்குக் கடல் தீர்வாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதற்கு 15 நாள் பயணம் ஒத்தே வராது.

யாராவது 'இந்தச் சரக்கை நீர்வழிக்கு மாற்றலாம்' என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். ஏற்றும் இடம், இறக்கும் இடம் இரண்டும் தண்ணீரைத் தொட்டிருக்கிறதா? இல்லையென்றால், கூடுதல் கைமாற்றச் செலவை ஈடுகட்டும் அளவுக்குத் தூரம் இருக்கிறதா? போன வண்டி திரும்பி வர லோடு இருக்கிறதா? ஃபாக்ட் பார்ஜ் முதல் கேள்வியில் பாஸ். தூத்துக்குடி நிலக்கரிக்கு ஒரு முனையில் மட்டும் ரயில் தேவைப்படுகிறது, மற்றபடி முதல் இரண்டிலும் பாஸ். ராஜபாளையம் பஞ்சு முதல் கேள்வியில் ஃபெயில், இரண்டாவதில் பாஸ். மூன்றாவதுதான் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும்.

அப்போ என்ன செய்யலாம்? நம் பார்வை

திரும்பிப் போக லோடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. நம் மில்களின் நூலை வாங்கும் விசைத்தறிகள் பிவண்டி, இச்சல்கரஞ்சி என்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பஞ்சு கொண்டுவந்த பெட்டியிலேயே நூல் மேற்குக் கரைக்குத் திரும்பினால், மேலே காலிப் பெட்டிக்குக் கழித்த பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும். ஏற்றுமதிக்காகத் தூத்துக்குடிக்கு நூல் கன்டெய்னர்கள் போகின்றனவே, அவற்றோடு சேர்க்க முடியாதா என்று தோன்றும். எளிதில் முடியாது. கடலோரக் கப்பல்காரரின் பெட்டி இந்தியத் துறைமுகங்களுக்குள் சுற்றுவது. ஏற்றுமதிப் பெட்டி வெளிநாட்டு லைன்களுடையது, சுங்கக் கட்டுப்பாட்டுக்குள் வருவது. இரண்டும் ஒரே யார்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒன்றின் சரக்கை இன்னொன்றில் போட முடியாது. இந்தப் பெட்டிகளை மாற்றிப் பயன்படுத்த விதிகளை எளிமையாக்குவது, புதிதாக ஒரு ஜெட்டி கட்டுவதைவிட நம் மில்களுக்கு அதிகம் உதவும்.

இரண்டாவது தேவை, கிழமை தவறாத கப்பல். 'சரக்கு சேர்ந்ததும் கிளம்பும்' என்றால் மில் நம்பாது. மில் நம்பாவிட்டால் சரக்கு சேராது. கோழியா முட்டையா கதைதான். அரசு மானியம் கொடுப்பதென்றால், டன்னுக்கு இவ்வளவு என்று வாடகையில் கொடுக்காமல், வாரம் ஒருமுறை குறித்த நாளில் குஜராத்திலிருந்து தூத்துக்குடி வரும் சேவைக்கு, பாதி காலியாக வந்தாலும் கிளம்பும்படி, முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உத்தரவாதமாகக் கொடுக்கலாம். நம் கணக்கே காட்டுகிறதே, மில்லுக்குத் தேவை இன்னும் பத்துக் காசு தள்ளுபடி இல்லை, தேதி.

மூன்றாவது, தூத்துக்குடியில் ஒரு பொதுப் பஞ்சுக் கிடங்கு. இந்தியப் பருத்திக் கழகமோ வியாபாரிகளோ கடல் வழியாகக் கொண்டுவந்து அங்கே இருப்பு வைத்து, மில்கள் தேவைப்படும் நாளில் இரண்டு லோடு, மூன்று லோடு என்று எடுத்துக்கொண்டால், கப்பல் தாமதத்தின் அடி ஒரு மில்லின் தலையில் விழாது. கிடங்கிலிருந்து ராஜபாளையம் மூன்று நான்கு மணி நேர ஓட்டம்.

இதில் லாரிக்காரர்களின் கவலையும் நியாயமானது. குஜராத் லைனில் ஓடும் வண்டிகளுக்குச் சில டிரிப் குறையும். ஆனால் லாரி இல்லாமல் போகாது. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் நடுவில் இருக்கும் 120 கிலோமீட்டரைக் கடக்க வேறு வழி இல்லை. காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் அந்த டிரிப்களை நம் ஊர் வண்டிகளே ஓட்டலாம்.

ஆற்றில் பார்ஜ் விடும் ஆய்வறிக்கைகளுக்கு நம் பக்கத்தில் செலவழிக்கும் பணம் வீண் என்றுதான் சொல்ல வேண்டும். வைப்பாற்றுக்கும் தாமிரபரணிக்கும் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. சரக்கு சுமப்பது அதில் ஒன்று இல்லை. புதுச் சட்டத்தின் கீழ் வரப்போகும் வியூகத் திட்டத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எதிர்பார்க்க வேண்டியது ஒரு கால அட்டவணையைத்தான். ரயிலுக்கு இருப்பதுபோல, 'முந்த்ரா – தூத்துக்குடி, செவ்வாய்க்கிழமை' என்று. அது இருந்தால் பர்ச்சேஸ் மேனேஜர் போனை எடுத்துக் கப்பலில் இடம் கேட்பார். இல்லாதவரை நெடுஞ்சாலையில் அந்த 'ஜிஜே' லாரிக்குப் பின்னால்தான் நம் பைக்கும் ஊர்ந்துகொண்டிருக்கும்.